மூதேவியும் சீதேவியும் பகையாளிகள் இல்லை

அந்தியில் படுத்திருந்தால் மூதேவி வருவாள், தலையை விரித்துப் போட்டால் மூதேவி அண்டுவாள். பினாங்கில் இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் இருக்க மாட்டாள். அதே அந்தியில் அண்ணன் குறட்டை விட்டால், பாவம், வேலைக்குப் போய் வந்த களைப்பு. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஏனென்றால் பழைய கதைகளில் அந்த மூத்தவள் இருக்கும் இடமே வேறு.

பத்ம புராணத்தில் வரும் கதையைப் பாருங்கள். பாற்கடலைக் கடையும்போது முதலில் வந்தவள் ஜேஷ்டா, அதாவது மூத்தவள். அப்புறம்தான் லட்சுமி. விஷ்ணு லட்சுமியை மணக்கக் கேட்கிறார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகாமல் நான் எப்படிச் செய்துகொள்வது என்கிறாள் அவள். சரி, அக்காவை உத்தாலகர் என்ற முனிவருக்குக் கட்டி வைக்கிறார்கள். அவர் ஆசிரமத்தில் வேத ஒலியும் வேள்விப் புகையும். இது எனக்கு ஒத்துவராது என்கிறாள் ஜேஷ்டா. புருஷன் பெண்டாட்டி சண்டை போடும் வீடு, விருந்தாளியை மதிக்காத வீடு, சூதாடும் வீடு, அங்கேதான் தன்னால் இருக்க முடியும் என்று சொல்கிறாள். நீ இந்த அரசமரத்தடியில் இரு, உனக்கு இடம் பார்த்து வருகிறேன் என்று போன முனிவர் திரும்பவே இல்லை. அவள் அங்கே உட்கார்ந்து அழுகிறாள். அந்த அழுகை வைகுண்டத்தில் இருக்கும் தங்கைக்குக் கேட்கிறது. விஷ்ணுவை அழைத்துக்கொண்டு வருகிறாள். இந்த மரம் என் அம்சம், நீ இங்கேயே இரு, சனிக்கிழமைதோறும் உன் தங்கை உன்னைப் பார்க்க வருவாள் என்கிறார் அவர். சனிக்கிழமை அரசமரத்தைச் சுற்றும் வழக்கத்துக்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

கல்யாணம் ஆகாத அக்கா, அவளைத் தள்ளிவிட ஒரு அவசரக் கல்யாணம், விட்டுவிட்டுப் போன புருஷன். இதில் எது நம் வீடுகளில் நடக்காதது? என் சொந்தத்தில் ஒரு பெரியக்காவுக்கு வரன் தள்ளிக்கொண்டே போனது. தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று, அவளைச் சமையல்கட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். தட்டில் பலகாரத்தை அடுக்கிக் கொடுத்ததெல்லாம் அவள்தான். கூடத்துக்கு எடுத்துப் போனது வேறு ஒருத்தி. புராணத்து லட்சுமி அக்காவைக் கேட்டாள். நம் கூடத்தில் யாரும் கேட்கவில்லை.

வள்ளுவரும் இந்த இருவரைச் சேர்த்தே பேசுகிறார். பொறாமைக்காரனைச் செய்யவள் தன் தவ்வைக்குக் காட்டிவிடுவாள் என்கிறார். தவ்வை என்றால் அக்கா. திருமகளே கைநீட்டி, இவன் உன் ஆள் என்று ஒப்படைக்கிறாள். இன்னொரு குறளில், சோம்பலில் இருப்பவள் மாமுகடி என்ற மூதேவி, சோம்பாதவன் முயற்சியில் இருப்பவள் தாமரையாள். இரண்டிலும் பேச்சு நடத்தையைப் பற்றியது. அதில் வீட்டுப் பெண்ணின் நெற்றியோ ராசியோ வரவில்லை.

மூதேவியைக் கும்பிட்டும் இருக்கிறார்கள். திருப்பரங்குன்றத்தில் கி.பி. 773ஐ ஒட்டி, பாண்டிய அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சேட்டை இவள்தான். பழைய சிலைகளில் பருத்த வயிறோடு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் மாட்டுத்தலை மகன், மறுபக்கம் மகள், காக்கைக் கொடி. தொண்டரடிப்பொடியாழ்வாரோ, கருடவாகனன் இருக்கும்போது சேட்டையின் மடியில் செல்வம் தேடுகிறீர்களே என்று ஊராரைக் கேட்கிறார். அவர் கோபப்படும் அளவுக்குக் கூட்டம் இருந்திருக்கிறது, அதுவும் செல்வம் கேட்டு!

சீன மொழியில் உள்ள பௌத்த நிர்வாண சூத்திரத்திலும் இந்த ஜோடி உண்டு. அங்கே செல்வம் தருபவள்தான் அக்கா, இருண்டவள் தங்கை. ஒரு வீட்டுக்காரன் அழகியை வரவேற்கிறான். பின்னாலேயே கந்தலோடு வந்தவளைக் கத்தி எடுத்து விரட்டுகிறான். உள்ளே இருப்பவள் என் அக்கா, நாங்கள் பிரிந்து போவதே இல்லை, என்னைத் துரத்தினால் அவளும் என்னோடு வெளியே வந்துவிடுவாள் என்கிறாள் அவள். அக்காவும் ஆமாம் என்கிறாள். அவன் இருவரையும் அனுப்பிவிடுகிறான். ஒரு ஏழை இருவரையும் சந்தோஷமாக உள்ளே அழைக்கிறான். சூத்திரத்துக்கு இரண்டு பேரும் வேண்டாம் என்பதுதான் ஞானம். எனக்கு அந்த ஏழையைத்தான் பிடிக்கிறது.

மூதேவியை நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் அவளை ஒரு பெண் பிள்ளையின் மேல் ஏற்றித் திட்டாதீர்கள். அதற்கு இந்தக் கதைகள் எதிலும் ஆதாரம் இல்லை. இந்தத் தீபாவளிக்கு வீட்டில் யாராவது அந்த வார்த்தையை எடுத்தால், நான் வாய்விட்டுத் தடுக்கப் போகிறேன், பெரியவர்களாக இருந்தாலும் சரி.

பினாங்கிலோ செபராங் பிறையிலோ, உங்கள் பழைய தோட்டத்துக் கோயில் அரசமரத்தடியில் சனிக்கிழமை அவளுக்கு விளக்கு வைத்த பாட்டிமார் யாராவது இருந்தால், கீழே எழுதுங்கள். என்ன சொல்லிக் கும்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.