லாபம் ஏறினால் மட்டும் போதுமா? ஒரு திருத்தம்

"லாபம் ஏறினா கம்பெனி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டுல வாடிக்கையாளர், ஊழியர் கணக்கெல்லாம் வெறும் அலங்காரம்."

இல்லைங்க. 1992-ல ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும் கம்பெனி எப்படி நடக்குதுன்னு அளக்கிற இந்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு முறையைக் கொண்டுவந்தப்போ நிதிக் கணக்கைத் தூக்கி எறியலை. அது நடந்து முடிஞ்சதைத்தான் சொல்லும்னுதான் பக்கத்துல மத்த அளவுகளை வச்சாங்க.

40 பேர் உள்ள ஒரு சர்வீஸ் கம்பெனியில அனுபவசாலிகள் 10 பேர் விலகுறாங்கன்னு வைங்க. குறைஞ்ச சம்பளத்துக்குப் புது ஆட்கள் வர்றாங்க, அந்த வருஷம் லாபம் ஏறுது! ஆனா வாடிக்கையாளர் தன் பிரச்சினையை மூணாவது ஆள்கிட்ட முதல்லேருந்து சொல்லிட்டிருக்கார். ஒப்பந்தம் முடியறப்போதான் கழண்டுக்குவார். வருஷா வருஷம் 100-க்கு 90 பேர் தங்கினா, ஒரு வாடிக்கையாளர் சராசரியா 10 வருஷம் இருப்பார். அது 80 ஆனா 5 வருஷம்தான். இதை இந்த வருஷ லாபத்துல பார்க்க முடியாது.

"ஊழியர் விலகல் கம்மின்னா நல்ல கம்பெனி"ன்னு சிலர் சொல்றதும் பாதிதான் சரி. வேலை தெரியாதவர் போறதும் அதே சதவீதத்துலதான் சேருது. யார் போனாங்கன்னு பிரிச்சுப் பார்க்கணும். அதே மாதிரி, ஒப்பந்தத்துல மாட்டிக்கிட்டதால தங்கியிருக்கிற வாடிக்கையாளரும் 90-க்குள்ளதான் இருப்பார். அவரை எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கறதுல எனக்கும் என் மேனேஜருக்கும் இன்னும் சண்டைதான்.