பெரிய சிவப்பணு பலமான அணு அல்ல

"ரிப்போர்ட்டில் எம்.சி.வி. நூறுக்கு மேலா? ரத்த அணு பெரிசா, பலமா இருக்குன்னு அர்த்தம். சோகைக்கு இரும்பு மாத்திரையே போதும்." கொழிஞ்சாம்பாறைப் பக்கக் குடும்பக் குழுக்களில் சுற்றும் செய்தி இது.

இரண்டுமே தவறு. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன், பலமல்ல. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும்போது பலமுறை பிரிய வேண்டும். பிரிய டிஎன்ஏ நகலாக வேண்டும். அதற்கு பி12, ஃபோலேட் என்ற இரண்டு வைட்டமின்களும் தேவை. இவை குறைந்தால் டிஎன்ஏ வேலை தாமதமாகிறது. ஆனால் ஹீமோகுளோபின் தயாரிப்பு நிற்பதில்லை. செல் பிரியாமலே பெருத்துக்கொண்டு போகிறது. பெருத்தவற்றில் பல மஜ்ஜையிலேயே மடிகின்றன. எண்ணிக்கை குறைகிறது, சோகை வருகிறது.

என் சித்திக்கு ஹீமோகுளோபின் 7.4, எம்.சி.வி. 118. வழக்கமாக அது 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரைதான். இரண்டு மாதம் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. பாதம் மரத்துப்போனதுதான் மிச்சம். அப்புறம் ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சுப் பரிசோதனையில் முட்டை வடிவப் பெரிய சிவப்பணுக்களும், உட்கரு ஆறு மடலாகப் பிரிந்த வெள்ளணுக்களும் தெரிந்தன. பி12 மிகக் குறைவு. ஊசி போட்டதும் தேறினார்.

ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சோகை சரியானது போலிருக்கும், பி12 குறையால் நரம்பு கெடுவது மட்டும் தொடரும். சந்தேகமென்றால் பூச்சுப் பரிசோதனையும் பி12, ஃபோலேட் அளவும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.