முத்திரையும் கனமும் சான்றல்ல

“சார்ஜரின் பின்புறம் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறது, கனமாகவும் இருக்கிறது. பிறகென்ன, அசல்தான்.”

பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையை யாரும் அச்சடித்துவிட முடியும். அதனோடு R- என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணை BIS Care செயலியில் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் நிறுவனப் பெயர் சார்ஜரில் உள்ளதோடு பொருந்த வேண்டும். கனம் பற்றிச் சொன்னது பாதி சரி. போலிகள் பெரும்பாலும் இலேசானவை. ஆனால் கடைத்தெருவில் வாங்கிய ஒன்றை நான் பிரித்தபோது, எடை காட்டவே உள்ளே ஓர் இரும்புத் துண்டு! 230 வோல்ட் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதில் நூலளவுதான் இருந்தது. ஈரமோ தூசியோ படிந்தால் அங்கேதான் பொறி தாவும், உறை கருகும். தொட்டால் சுருக்கென்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்; உலோக உறை மடிக்கணினியில் அசல் சார்ஜர் போட்டாலும் அது வரும்.