டிரிப்டோபான் குறைந்தால் ரைபோசோம் நிற்கும் இடம்

“ரைபோசோம் நின்றுவிட்டால் ஜீனும் அணையத்தானே வேண்டும்?” – மார்த்தாண்டம் வாசகர்

தம்பி, எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் விஷயம். நாகர்கோவிலில் என் மாணவர்களுக்கு, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் ஜீன்களுக்கு முன்னால் வரும் ஆர்என்ஏவை நான்கு துண்டாக வரைந்துதான் காட்டுவேன். ஈ.கோலை பாக்டீரியாவில் அந்த ஆர்என்ஏவைப் படித்து ரைபோசோம் செய்யும் 14 அமினோ அமில முன்னோடிப் பெப்டைடில் 10, 11 இரண்டுமே டிரிப்டோபான். அதை ஏற்றிய டிஆர்என்ஏ குறைந்தால் ரைபோசோம் அங்கேயே, முதல் துண்டின் மேல் நின்றுவிடும், திறந்து கிடக்கும் 2 போய் 3-உடன் சேர்ந்துகொள்ளும், அதனால் படியெடுப்பை நிறுத்தும் 3-4 கொண்டை உருவாகாது, ஆர்என்ஏவை எழுதும் பாலிமரேஸ் ஜீன்களுக்குள் ஓடிவிடும். டிரிப்டோபான் தாராளமாக இருந்தால் ரைபோசோம் நிறுத்தக் குறியீடு வரை போய் 2-ஐ மூடிவிடும், அப்புறம் 3-4 சேர்ந்து படியெடுப்பு அறுந்துவிடும். சரி, ரைபோசோம் ஏறவே இல்லையென்றால்? 1-2, 3-4 என்று ஜோடி சேர்ந்து, பட்டினியிலும் ஜீன் அணைந்தே கிடக்கும்.