வான்கூவர் கணக்கு சொல்வது வேறு

"போதை மருந்தை ஊசியில் போடுபவர்களுக்குப் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது தரும் திட்டம் நடந்த கனடாவின் வான்கூவரில்தான் எச்ஐவி கூடியது. ஊசி கொடுத்தால் நோய் பரவும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?"

இப்படி ஒருவர் கேட்கிறார். திட்டத்துக்கு அடிக்கடி வந்தவர்களிடம் எச்ஐவி அதிகம் என்று 1997 ஆய்வில் இருப்பது உண்மைதான். காரணத்தைத்தான் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். அடிக்கடி ஊசி போடுபவர்களும் நிலையான வீடில்லாதவர்களும்தான் அந்தத் திட்டத்துக்கு அதிகம் வந்தார்கள். ஆபத்து அவர்களோடு கூடவே வந்தது. 1999-இல் அதே ஊரில் தனியாகத் தோண்டிப் பார்த்தபோதும், திட்டத்தால் நோய் பரவியதாகத் தெரியவில்லை.

அப்புறம், அங்கே பலர் ஊசியில் போட்டது கொக்கெயின். அதன் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும். ஒரே நாளில் பத்து, இருபது முறை போடுபவர்கள் உண்டு. பழைய ஊசி ஒன்றுக்குப் புதியது ஒன்று என்றால், கையில் இருப்பது சாயங்காலமே தீர்ந்துவிடும். ராத்திரி பக்கத்தில் இருப்பவரின் ஊசிதான். 2000-க்குப் பிறகு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, பல இடங்களில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஊசியைக் கடன் வாங்குவதும் புதுத் தொற்றும் குறைந்தன.

ஊசித் திட்டம் வேண்டாம், ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர் தரும் மெத்தடோன் மருந்து மட்டும் போதும் என்பவர்கள் சொல்வது பாதி சரி. ஹெராயின் போன்றவற்றுக்கு அது எச்ஐவி தொற்றைப் பாதியளவு குறைப்பதாக 2012-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. கொக்கெயினுக்கு அது மாற்றாகாது. உங்கள் வீட்டில் ஒருவர் மெத்தடோன் எடுத்தும் ஊசியை விடவில்லை என்றால், டோஸ் குறைவா, வேறு எதையும் போடுகிறாரா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் வான்கூவரில் குறைந்ததில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, அதே காலத்தில் பெருகிய எச்ஐவி மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.