பத்திரம் தொலைந்தால் நகல் வாங்க போலீஸ் சான்று வேண்டுமா?

"பத்திரம் தொலைஞ்சா போலீஸ்ல புகார் கொடுத்து, பேப்பர்ல விளம்பரமும் போட்டாதான் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நகல் தருவாங்க. எல்லாருக்கும் அனுப்புங்க!"

இது தவறு. கிரயம், தானம் போன்ற சொத்துப் பத்திரங்கள் சார்பதிவகத்தின் 1-ஆம் புத்தகம் என்ற பதிவேட்டில் பதிவாகின்றன, அதன் சான்றிட்ட நகலைக் கட்டணம் கட்டி யார் கேட்டாலும் தர வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. உயில் வேறு, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் பத்திர எண், ஆண்டு, சார்பதிவகம் மூன்றும் தெரிந்தால் tnreginet.gov.in தளத்தில் 'சான்றிட்ட நகல்' பகுதியிலேயே விண்ணப்பிக்கலாம். எண் ஞாபகம் இல்லையா? சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள், உதாரணமாக 1998-இல் அப்பா வாங்கிய மனை என்றால் அந்த வருடத்துப் பதிவில் அவர் பெயருக்கு நேரே '1452/1998' என்பது போல எண் இருக்கும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த மனையை அப்புறம் விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ போகும்போதுதான் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டு, இல்லையென்றால் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றும் விளம்பரமும் கேட்பார்கள். ஆகவே புகார் கொடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக நகல் வாங்காமல் காத்திருக்காதீர்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.