தலை தட்டிய ஸ்பூன்

(திருவையாறு. காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. காலை எட்டரை மணி. ஐந்து ஏக்கர் குறுவைக்கு நாற்று விட்டிருக்கும் கோவிந்தண்ணன் வருகிறார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் எவர்சில்வர் ஸ்பூன் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது.)

மாஸ்டர்: வாங்கண்ணே. கல்யாணப் பந்தியிலிருந்து நேரா வரீங்களா? ஸ்பூன் கூடவே வந்துடுச்சு.

கோவிந்தன்: கிண்டல் இருக்கட்டும். ஒரு டீ போடுங்க. ஜீனியை இந்த ஸ்பூனால அளந்து போடணும். வீட்டு உத்தரவு.

மாஸ்டர்: இருபது வருஷமா இந்தக் கை போட்ட ஜீனி. என் கைக்கே அளவு தெரியும்.

கோவிந்தன்: அந்தக் கை மேலதான் வீட்டுல சந்தேகம். போன வாரம் வெறும் வயித்துல ரத்தம் கொடுத்தேன். 112 காட்டுது. நூறுக்குள்ள இருக்கணுமாம். 126-ஐத் தொட்டா சர்க்கரை நோய்ப் பக்கம். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "வரப்பு மேல நிக்கிறீங்க, எந்த வயல்ல இறங்கறதுன்னு பார்த்துக்குங்க"ன்னார்.

மாஸ்டர்: அதுக்கு "ஜீனி கம்மி"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதா?

கோவிந்தன்: மூணு நாளா அதைத்தான் சொல்றேன். டீ அதே டீயாத்தான் வருது.

மாஸ்டர்: அண்ணே, கம்மின்னா அது ஒரு அளவா? வாத்தியாருக்குக் கம்மின்னா அரை ஸ்பூன். லாரி டிரைவருக்குக் கம்மின்னா மூணுக்குப் பதில் ரெண்டரை. நான் உங்க முகத்தைப் பார்த்தேன். கம்மி கேட்கிற முகமாத் தெரியலை. வழக்கமான ரெண்டு ஸ்பூனே போட்டேன்.

கோவிந்தன்: அந்த ரெண்டு ஸ்பூனைத்தான் இன்னைக்குப் பார்க்கணும். உங்க ஸ்பூன்ல எப்பவும் போல ஒண்ணு அள்ளுங்க. கிளாஸ்ல வேண்டாம், இந்தப் பேப்பர்ல கொட்டுங்க.

(மாஸ்டர் அள்ளுகிறார். ஜீனி கோபுரம் கட்டி நிற்கிறது. கலசம் வைக்காததுதான் பாக்கி.)

கோவிந்தன்: என் தாத்தா மரக்கால்ல நெல் அளந்ததை நான் பார்த்திருக்கேன். குவிச்சு அளந்தா ஒரு கணக்கு, தலை தட்டி அளந்தா ஒரு கணக்கு. வாங்கறவன் குவிக்கச் சொல்வான், கொடுக்கறவன் தட்டச் சொல்வான். இப்ப பாருங்க.

(தீக்குச்சியால் தன் ஸ்பூனின் தலையைத் தட்டித் தட்டி அளக்கிறார். ஒரு ஸ்பூன் நிறைந்து, இன்னொன்று பாதி வரை வருகிறது.)

கோவிந்தன்: உங்க ஒண்ணு, என் ஒண்ணரை.

மாஸ்டர்: அது... அன்பா போடறதுண்ணே.

கோவிந்தன்: அன்புக்கும் எடை இருக்கு. தலை தட்டின டீஸ்பூன் ஒண்ணுக்கு ஏறக்குறைய 4 கிராம். இங்க ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறேன்?

மாஸ்டர்: காலையில ஒண்ணு, பதினொண்ணுக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுக்கு மேல கணக்கு நோட்டுல இல்லை.

கோவிந்தன்: மூணு டீ. ஒவ்வொண்ணுலயும் உங்க கோபுரம் ரெண்டு. ஆறு கோபுரம்னா ஒன்பது தலை தட்டு. வீட்டுல டபரா காப்பி ரெண்டு, அங்கயும் இதே கோபுரம்தான். நாலு கோபுரம், ஆறு தலை தட்டு. ஆக பதினஞ்சு. 60 கிராம் ஜீனி, மாஸ்டர். என் ஒருத்தனுக்கு ஒரு கிலோ பதினேழு நாள்கூட வராது!

மாஸ்டர்: பதினஞ்சு தப்பா?

கோவிந்தன்: உலக சுகாதார நிறுவனம் 2015-ல ஒரு வரையறை சொல்லியிருக்கு. 25 கிராமுக்குள்ள நின்னா நல்லது. தலை தட்டி ஆறு ஸ்பூன். அதுலயும் அன்னைக்குச் சாப்பிடற அல்வா, பிஸ்கட் எல்லாம் சேர்த்தி. நான் அல்வா பக்கம் போகாமலே பதினஞ்சு.

மாஸ்டர்: அப்ப இன்னையிலிருந்து ஜீனியே இல்லாம போட்டுடவா? ஒரே போடு.

கோவிந்தன்: அதைப் பண்ணிப் பார்த்துட்டேன். போன திங்கக்கிழமை வீட்டுல ஜீனி இல்லாத காப்பி. ஒரு வாய் குடிச்சதும் வேப்பெண்ணெய் மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் காஜா ரெண்டு வாங்கி ஒளிஞ்சு தின்னேன். பேப்பரைச் சட்டைப் பையிலயே விட்டுட்டேன். அதைத் துவைக்கிறவங்க யாருன்னு மறந்துபோச்சு.

மாஸ்டர்: அப்புறம்?

கோவிந்தன்: அப்புறம்தான் இந்த ஸ்பூன். முதல் ரெண்டு வாரம் ஸ்பூன் எண்ணிக்கையில கை வைக்கப்போறதில்லை. ரெண்டு ஸ்பூன் ரெண்டாவே இருக்கட்டும், தலையை மட்டும் தட்டணும். அதுலயே பதினஞ்சு பத்தாயிடும். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு கிளாஸ்லயும் கால் ஸ்பூன் குறையும். ஒன்றே முக்கால், ஒன்றரை, ஒன்றேகால்னு இறங்கி, ஒன்பதாவது வாரம் ஒரு ஸ்பூன். அஞ்சு கிளாஸுக்கு அஞ்சு ஸ்பூன்.

மாஸ்டர்: கால் ஸ்பூன் குறைஞ்சது நாக்குக்குத் தெரியாதா?

கோவிந்தன்: ரெண்டு மூணு நாள் லேசாத் தெரியும். அப்புறம் அதுவே வழக்கமாயிடும். மதகை ஒரே நாள்ல அடைச்சா பயிர் வாடும், பலகையை ஒவ்வொண்ணாப் போடறோம்ல? ஆனா ஒண்ணு, நல்லா ஆத்திக் கொடுக்கணும். கலங்காம அடியில தங்கிட்டா மேல கசக்கும், கடைசி வாய் பாகு. அப்புறம் "பத்தலை"ன்னு இன்னொரு ஸ்பூன் கேட்பேன்.

மாஸ்டர்: நாட்டுச் சர்க்கரை போட்டுத் தரவா? அது உடம்புக்கு நல்லதாமே. ரெண்டு கோபுரம் போட்டாலும் கேள்வி இல்லை.

கோவிந்தன்: கேள்வி இருக்கு. நிறம்தான் வேற. ஒரே கரும்பு, கிட்டத்தட்ட ஒரே கணக்கு. அதையும் தலை தட்டித்தான் அளக்கணும்.

(மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ஸ்பூன் தலை தட்டிப் போட்டு, ஆற்றி நீட்டுகிறார். ஒரு வாய்.)

கோவிந்தன்: மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இந்த டிகாக்ஷன் எப்பப் போட்டது?

மாஸ்டர்: ஏன்? ஆறு மணிக்குப் போட்டதுதான்.

கோவிந்தன்: எட்டரை வரைக்கும் அடுப்பு மேலயே கொதிச்சிருக்கு. இத்தனை நாள் ஜீனி மறைச்சது, இன்னைக்குத் தலை தட்டினதும் எட்டிப் பார்க்குது. பால்லயும் காவிரி கொஞ்சம் கலந்திருக்கிற மாதிரி...

மாஸ்டர்: அண்ணே! ஜீனியை மட்டும் அளங்க. பாலை அளக்க வேண்டாம்.

கோவிந்தன்: புதுசா டிகாக்ஷன் இறக்கி, பால் கொஞ்சம் கெட்டியா ஊத்திப் பாருங்க. பால்லயே ஒரு இனிப்பு உண்டு. கசப்பு குறைஞ்சா ஜீனியும் குறைச்சலாத்தான் கேட்கும்.

மாஸ்டர்: சரி, நாளையிலிருந்து உங்களுக்குத் தனியா. காசு மட்டும் அதே பன்னெண்டு.

கோவிந்தன்: ஜீனி குறையுது, காசு குறையாதா?

மாஸ்டர்: தலை தட்டற கூலி.

(நியாயமான கூலிதான் என்று எனக்குப் படுகிறது.)

கோவிந்தன்: இருக்கட்டும். நீங்க ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறீங்க?

மாஸ்டர்: நானா? நான் எங்க குடிக்கிறேன்! டிகாக்ஷன் மாத்தும்போது ருசி பார்க்க ஒரு அரை கிளாஸ். பால் மாத்தினா ஒரு அரை கிளாஸ். கூட்டம் ஓஞ்சா ஒண்ணு. யாராவது துணைக்குக் குடிக்கச் சொன்னா... (விரல் மடக்குகிறார். ஒரு கை முடிந்து இன்னொரு கைக்குப் போகிறது.) அண்ணே, அந்த ஸ்பூனை ஒரு நிமிஷம் கொடுங்க. தீக்குச்சியும்.

(கோவிந்தண்ணனின் போன் அடிக்கிறது.)

கோவிந்தன்: ஆமா, டீக்கடையிலதான்... ஸ்பூனா? மாஸ்டர்கிட்ட இருக்கு... இல்ல, பிடுங்கிக்கலை. அளந்துக்கிட்டு இருக்கார்... எப்ப வருமா? இரு, கேட்டுச் சொல்றேன். மாஸ்டர், எப்ப முடியும்?

மாஸ்டர்: இப்பத்தான்ணே பத்தரை மணி வரைக்கும் வந்திருக்கேன்.